ஆளை ஈமெயிலில் தேடும் சிஆர்எம்

திருப்பூரில் எங்களைப் போலவே லேபிள், ஹேங்டேக், பாலிபேக் விற்கும் நண்பர் ஒருவர், "எக்செல்லை விட்டுட்டு சிஆர்எம்முக்குப் போகலாமா? நீங்க வாங்கினது எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். போனில் சொன்னால் கோபம்தான் முதலில் வரும், அதனால் எழுதியே விடுகிறேன். எங்களுடையது நாலைந்து பேர் கொண்ட சேல்ஸ் டீம். வாங்கியது, வாடிக்கையாளர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் சிஆர்எம் மென்பொருள்களில் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சாதாரண ரகம். பெயர் வேண்டாம், இந்தக் குணம் அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதல்ல.

நம் தொழிலில் வாடிக்கையாளர் என்பது கம்பெனி அல்ல, அங்கே இருக்கிற மெர்ச்சண்டைசர். அவர் இன்றைக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருப்பார், அடுத்த சீசனில் வேறொன்றில் இருப்பார். கம்பெனி மாறினால் ஈமெயில் மாறிவிடும், மொபைல் நம்பர் மாறாது. ஆனால் சிஆர்எம் ஆளை அடையாளம் காண்பது ஈமெயிலை வைத்து. எங்கள் பழைய ஷீட்டில் ஒரே மெர்ச்சண்டைசர் மூன்று கம்பெனிப் பெயரில் மூன்று வரிசையில் இருந்தார். மூன்றும் மூன்று மனிதர்களாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டன. ஈமெயிலே இல்லாத வரிசைகள் இன்னும் மோசம். அதே ஃபைலை மறுபடி ஏற்றினால் அத்தனையும் இரட்டிப்பாகும். மொபைல் நம்பரையே அடையாளமாக வைக்க வழி இருக்கிறது, ஆனால் அது அடுத்த விலைத் திட்டத்தில்தான் வரும் என்று சப்போர்ட்டில் இருந்தவர் சாவகாசமாகச் சொன்னார். அந்தப் பணத்தைக் கட்டினோம். கட்டிய கடுப்பு இன்னும் போகவில்லை.

பணம் கட்டினாலும் நம்பர்கள் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தால்தான் அது வேலை செய்யும். ஷீட்டில் ஒருவர் +91 போட்டிருப்பார், ஒருவர் முன்னால் 0 போட்டிருப்பார், இன்னொருவர் நடுவில் இடைவெளி விட்டிருப்பார். கருவிக்கு இவை மூன்று வெவ்வேறு நம்பர்கள். மொபைல் நம்பர் B பத்தியில் இருந்தால், பக்கத்தில் ஒரு காலிப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
="91"&RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(B2," ",""),"-",""),10)
```

ஒரே கட்டத்தில் இரண்டு நம்பர் அடைத்திருந்தால் மட்டும் முதலில் கையால் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி நம்பர்தான் மிஞ்சும். சேமிக்கும்போது CSV UTF-8 என்பதையே தேர்ந்தெடுங்கள், சாதாரண CSV என்றால் தமிழில் எழுதிய பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சேமித்த பிறகு அந்த ஃபைலை எக்செல்லில் திறக்கவே கூடாது. 12 இலக்க நம்பரை அது 9.19843E+11 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். சரிபார்க்க நோட்பேட் போதும்.

தேதியையும் கவனியுங்கள். ஃபாலோ-அப் தேதி 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, சிஆர்எம் கணக்கு அமெரிக்க முறையில் இருந்தால் அதற்கு மார்ச் 4. இம்போர்ட் முடிந்ததும் வரும் பிழைப் பட்டியலில் 13ஆம் தேதியும் அதற்கு மேற்பட்டவையும் மட்டும் வரிசையாக நின்றால், 12 வரை உள்ளவை சத்தமில்லாமல் தலைகீழாக ஏறிவிட்டன என்று அர்த்தம்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஒரு மெர்ச்சண்டைசர் கம்பெனி மாறினால், இப்போது அவருடைய கார்டில் கம்பெனியை மட்டும் மாற்றுகிறோம். பழைய ஆர்டர்கள் பழைய கம்பெனியின் பேரிலேயே நிற்கின்றன, அவரோடு பேசியதெல்லாம் அவரோடு போகிறது. புது இடத்தில் அவரைப் பார்க்கப் போகும் எங்கள் பையனுக்கு, அவர் பாலிபேக்கில் எந்த மைக்ரான் கேட்பார், எந்த விலையில் முறைத்துக்கொண்டார் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிகிறது. அவர் விட்டுப்போன நாற்காலிக்கு யார் வந்தார் என்று கேட்டு, பழைய கம்பெனியிலும் ஒரு கார்டு திறக்கிறோம். ஷீட்டில் இதைச் செய்ததே இல்லை. பழைய வரிசையின் மேலேயே புதுப் பெயரை அடிப்போம், முந்தைய கதை அதோடு முடிந்தது.

வாங்கலாமா என்றால், நான் போன வாரம்தான் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தேன். ஆனால் உங்களை வாங்கச் சொல்ல இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை, அந்தக் கூடுதல் பில் மேஜையில் கிடக்கிறது. எதை எடுத்தாலும் இலவசச் சோதனைக் காலத்திலேயே பத்து வரிசை ஏற்றிப் பாருங்கள். அதில் இரண்டில் ஒரே நம்பர், வேறு வேறு ஈமெயில் இருக்கட்டும், ஒன்றில் ஈமெயிலே வேண்டாம். அதே ஃபைலை இரண்டாம் முறை ஏற்றுங்கள். ஒன்பது பேருக்கு மேல் காட்டினால், எந்தத் திட்டத்தில் அது சரியாகும், அதற்கு ஆளுக்கு என்ன விலை என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பேரத்தை ஆரம்பியுங்கள்.