தனி ரூமா, ஷேரிங் ரூமா? ஒரே ஆபரேஷன், இரண்டு பில்கள்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது, 14 மாத இடைவெளியில். வேலூரில் அதே ஆஸ்பத்திரி, அதே இன்சூரன்ஸ் பாலிசி. அப்பாவைத் தனி ஏசி ரூமில் சேர்த்தோம், அம்மாவை இரண்டு பேர் தங்கும் ஷேரிங் ரூமில். இரண்டு முறையும் நான்கு நாள். இரண்டு பில்களையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பாலிசியில் ரூம் வாடகைக்கு வரம்பு இருந்தால் ஷேரிங் ரூம்தான் சரி என்பது என் முடிவு.

தனி ரூமின் வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட இருப்பவர் கால் நீட்டிப் படுக்கலாம், பாத்ரூம் நமக்கு மட்டும், பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வருகிற கூட்டம் கிடையாது. அம்மா இருந்த ரூமில் இதெல்லாம் இல்லை. ராத்திரி நாற்காலியில் ஒருவர் இருக்கலாம், அவ்வளவுதான். குடியாத்தத்திலிருந்து நானும் தங்கச்சியும் வந்திருந்தோம். ஒருவர் அம்மாவுடன் இருக்க, மற்றவர் தூங்குவதற்குப் பக்கத்து லாட்ஜில் ஒரு ரூம் போட்டோம். மூன்று ராத்திரிக்கு 2,700 ரூபாய்.

இனி பணம். எங்கள் பாலிசித் தொகை 3 லட்சம். ரூம் வாடகை நாளுக்கு அதில் 1 சதவீதம் வரை, அதாவது 3,000 ரூபாய். அப்பாவைச் சேர்க்கும்போது கவுன்டரில் இருந்தவர், "இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், தனி ரூமே எடுத்துக்கோங்க. மேல வர்ற வித்தியாசத்தை மட்டும் நீங்க கட்டினா போதும்" என்றார். தனி ரூம் 5,000 ரூபாய். வித்தியாசம் நாளுக்கு 2,000, நான்கு நாளுக்கு 8,000. அப்பா வலியில் இருந்தார், 8,000 பெரிதாகத் தெரியவில்லை. சரி என்றேன்.

கணக்கு அப்படிப் போவதில்லை. வரம்பு 3,000, நாம் எடுத்தது 5,000 என்றால் நமக்கு உரிமை 60 சதவீதம். அந்த 60 சதவீதம் வாடகையோடு நிற்காமல், ரூமைப் பொறுத்து ஏறுகிற மற்றக் கட்டணங்கள் மீதும் விழும். சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். தனி ரூம்காரருக்கு இந்தக் கட்டணங்களையே ஆஸ்பத்திரி கூடுதலாகப் போடுகிறது. அந்தக் கூடுதலைத் தாங்கள் ஏற்க வேண்டியதில்லை என்பது இன்சூரன்ஸ் தரப்பின் வாதம்.

அப்பாவின் பில் 1,50,000. அதில் வாடகை 20,000, டாக்டர்கள் மற்றும் தியேட்டர் 90,000, மருந்து 25,000, ஸ்கேன் மற்றும் டெஸ்ட் 15,000. டிஸ்சார்ஜ் அன்று கேஷ்லெஸ் அனுமதி 90,000 ரூபாய்க்கு மட்டும் வந்தது. மொத்த பில்லிலும் 40 சதவீதம் வெட்டியிருந்தார்கள். 8,000 எடுத்துக்கொண்டு போன நான் 60,000 கட்ட வேண்டியிருந்தது. மதியம் வரை தம்பியிடமும் மாமாவிடமும் பணம் புரட்டி, சாயங்காலம்தான் அப்பாவை வெளியே கூட்டிவந்தோம்.

அந்த வெட்டில் ஒரு பகுதி தவறு என்பது வீட்டுக்கு வந்து பாலிசிப் புத்தகத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூனில் போட்ட விதிப்படி மருந்து, ஆபரேஷனில் செலவாகும் பொருட்கள், உடலில் வைக்கும் இம்பிளான்ட், டெஸ்டுகள் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு செய்யக் கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. அதைக் குறிப்பிட்டு, பில்லின் பிரிவு வாரியான விவரத்தையும் சேர்த்து, இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். மருந்து, டெஸ்ட் சேர்ந்த 40,000-இல் வெட்டிய 16,000 திரும்பி வந்தது. அங்கே நடக்காவிட்டால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

மீதி 44,000 நாங்கள் கட்டியதுதான். வாடகையில் 8,000, டாக்டர்-தியேட்டர் கட்டணத்தில் 36,000. கவுன்டரில் சொன்ன கணக்கில் இந்த 36,000 இல்லவே இல்லை.

அம்மாவைச் சேர்க்கும்போது முதலில் கட்டணப் பட்டியலைக் கேட்டேன். ஷேரிங் ரூம் 2,600 என்று இருந்தது. நர்சிங் கட்டணம் இதில் சேர்ந்ததா என்று கேட்டதில், அது தனியாக 300 என்றார்கள். எங்கள் பாலிசியில் வரம்பு என்பது வாடகை, சாப்பாடு, நர்சிங் மூன்றுக்கும் சேர்த்து. 2,900 என்பதால் தப்பித்தோம். நர்சிங் 500 ஆக இருந்திருந்தால் 3,100 ஆகி, வெறும் 100 ரூபாய்க்காக மொத்த டாக்டர் ஃபீஸிலும் விகிதம் போட்டிருப்பார்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரூம் போர்டில் எழுதியிருக்கும் வாடகையை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறார்கள்.

அம்மாவின் பில்லில் ரூம் 11,600, டாக்டர்கள் மற்றும் தியேட்டர் 68,000, மருந்து 24,000, டெஸ்ட் 15,000. மொத்தம் 1,18,600, முழுவதும் கிடைத்தது. இது போக, கையுறை, பதிவுக் கட்டணம் போல எந்த ரூமிலும் இன்சூரன்ஸ் தராத சில்லறைகள் 2,300 மட்டும் நாங்கள் கட்டினோம். லாட்ஜையும் சேர்த்தால் 5,000.

இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அப்பாவின் பெரிய பில்லுக்கு இன்சூரன்ஸ் தந்தது 1,06,000. அம்மாவின் சின்ன பில்லுக்குத் தந்தது 1,18,600. ஆஸ்பத்திரிக்கு அதிகம் கொடுத்து, இன்சூரன்ஸிடம் குறைவாக வாங்கியிருக்கிறோம்.

தனி ரூம் எடுத்தும் இந்த அடி விழாத ஆஸ்பத்திரிகள் உண்டு. எந்த ரூமாக இருந்தாலும் ஆபரேஷன் கட்டணம் ஒன்றுதான் என்று வைத்திருக்கும் இடங்களில் விகிதக் கழிவு செய்யக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. அங்கே கவுன்டர்காரர் சொன்ன கணக்கு சரிதான். வாடகை வித்தியாசம் மட்டும்தான் நம் பொறுப்பு. ஆகவே சேர்ப்பதற்கு முன் "ரூம் மாறினா சர்ஜன் ஃபீஸ் மாறுமா?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். மாறும் என்றால் தனி ரூமை மறந்துவிடலாம். பேக்கேஜ் என்று ஒரே தொகையாகச் சொன்னால் மருந்தையும் டெஸ்டையும் பிரித்துக் காட்டும் பில்லை எழுதிக் கேளுங்கள். பிரிக்காத பில்லில் எதை வெட்டக் கூடாது என்று நம்மால் காட்ட முடியாது.

நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து, தொற்று வரக் கூடாது என்று டாக்டரே தனி ரூம் சொன்னால் அது வேறு கதை. அங்கே பணத்தைப் பார்க்க முடியாது.

வரம்பையே எடுத்துவிடும் வழியும் இருக்கிறது. கூடுதல் ப்ரீமியம் கட்டினால் ரூம் வரம்பு நீங்கும். எங்களுக்கு வருடத்துக்கு 4,200 சொன்னார்கள். அல்லது பாலிசித் தொகையை 5 லட்சமாக்கினால் 1 சதவீத வரம்பு தானாக 5,000 ஆகிவிடும். ஆனால் கூட்டிய 2 லட்சத்துக்கு ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும்; அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அது எங்களுக்கு முக்கியம். நான் கூடுதல் ப்ரீமியம் பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன். அந்த வழியில் இன்னும் ஒரு க்ளெய்ம்கூடப் போட்டுப் பார்க்கவில்லை என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். மார்ச் மாத ரென்யூவல் வரை எங்கள் வரம்பு அதே 3,000தான். அதுவரை யாரைச் சேர்த்தாலும் ஷேரிங் ரூமில்தான் சேர்ப்பேன்.