மீட்டிங்கில் பேசி முடித்ததை எதில் எழுதுவது: வாட்ஸ்அப்பா, கூகுள் டாக்ஸா, மெயிலா?

ஒரு ஜவுளிக்கடைக்குப் புது பில்லிங் மென்பொருள் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 9 செவ்வாய்க்கிழமை கடை முதலாளி, மேலாளர், உங்கள் தரப்பில் இருவர் என்று உட்கார்ந்து பேசுகிறீர்கள். பழைய ஸ்டாக் விவரத்தை 12-ஆம் தேதிக்குள் கடை தரப்பில் தருவார்கள், 22-ஆம் தேதி புது மென்பொருளில் பில் போட ஆரம்பிக்கலாம் என்று முடிவாகிறது. ஸ்டாக் ஃபைல் வருவதோ 18-ஆம் தேதி. 22-இல் ஓடவில்லை என்றால் தப்பு யார் மேல்?

பெரும்பாலானவர்கள் செய்வது வாட்ஸ்அப் குரூப்பில் நாலு வரி போடுவதுதான். வேகம் என்று பார்த்தால் அதை அடிக்க ஆளில்லை, முதலாளி உடனே பார்த்து ஒரு கட்டைவிரலும் போட்டுவிடுவார். ஆனால் அந்தக் கட்டைவிரல் ‘பார்த்தேன்’ என்பதா ‘சம்மதம்’ என்பதா? அதுவே பின்னால் தகராறாகும். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், திருத்தப்பட்டது என்று குறி விழுமே தவிர முன்பு என்ன இருந்தது என்று காட்டாது. குரூப்பில் மறையும் செய்திகள் வசதியை யாராவது போட்டு வைத்திருந்தால் அதிகபட்சம் 90 நாளில் எல்லாமே போய்விடும். இதெல்லாம் இல்லாவிட்டாலும், மூன்று வாரம் கழித்து அந்த நாலு வரியை பில் போட்டோக்களுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவே தேட வேண்டும்.

கூகுள் டாக்ஸில் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு குறிப்பு வைப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும், நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பின்தொடர நானும் அதைத்தான் விரும்புவேன். ஆனால் முடிவுக்குச் சாட்சியாக அது உதவாது. யாரோ 12-ஐ 15 ஆக்கினால் பக்கத்தில் ஒன்றும் தெரியாது. பழைய வடிவங்களைப் பார்க்க எடிட் உரிமை வேண்டும், ஃபைல் யார் கணக்கில் இருக்கிறதோ அவர் அனுமதியை எடுத்துவிட்டால் உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது.

ரெக்கார்டிங்கை நம்புகிறவர்களும் உண்டு. ஒரு மணி நேரப் பேச்சில் 12-ஆம் தேதியும் வரும், 15-ஆம் தேதியும் வரும், கடைசியில் எது நின்றது என்று இரு தரப்பும் அவரவர் காதால் கேட்பார்கள்.

மெயில் இவற்றிலிருந்து வேறுபடுவது ஒரே இடத்தில்: அனுப்பிய கணத்தில் தேதி, நேரத்தோடு ஒரு பிரதி எதிர்த்தரப்பின் பெட்டியிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது, பிறகு நீங்களும் அதை மாற்ற முடியாது. அதனால்தான் நான் மெயில் பக்கம். ஆனால் ‘ஸ்டாக் விவரம் விரைவில் கடை தரப்பில் தரப்படும்’ என்று எழுதினால் மெயிலும் வாட்ஸ்அப்பும் ஒன்றுதான். இப்படி எழுத வேண்டும்:

“இன்று (ஜூன் 9) முடிவானவை:
1. பழைய ஸ்டாக் எக்செல் ஃபைல். அனுப்புபவர்: கடையின் கணக்காளர். ஜூன் 12 வெள்ளி மாலை 5 மணிக்குள்.
2. ஃபைலை ஏற்றிச் சரிபார்ப்பது: எங்கள் தரப்பு. ஜூன் 19 வெள்ளி மாலைக்குள்.
3. புது மென்பொருளில் பில்லிங் தொடக்கம்: ஜூன் 22 திங்கள். ஃபைல் எத்தனை நாள் தாமதமாகிறதோ அத்தனை நாள் இதுவும் தள்ளும்.
முடிவாகாதது: தள்ளுபடியை பில்லில் தனி வரியாகக் காட்டுவதா என்பது.
இதில் ஏதாவது தவறாக இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.”

உண்மையான மெயிலில் பதவிக்குப் பதில் ஆளின் பெயரையே போடுங்கள், அதுவும் ஒரே ஒரு பெயர். இரண்டு பெயர் போட்டால் இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். இந்தக் கதையில் ஃபைல் தர வேண்டிய கணக்காளர் மீட்டிங்கிலேயே இல்லை, கவனித்தீர்களா? அவரை சிசியில் சேர்க்காவிட்டால் 18-ஆம் தேதி ‘எனக்கு யாரும் சொல்லவில்லையே’ என்பார், அது நியாயமும்கூட. மூன்றாவது வரியின் கடைசி வாக்கியத்தை எழுதக் கூச்சமாக இருக்கும், ஆனால் தகராறைத் தீர்ப்பது அதுதான். முடிவாகாததையும் எழுதுங்கள், இல்லையென்றால் தள்ளுபடி வரி ‘அன்றைக்கே ஒத்துக்கொண்டீர்களே’ என்று திரும்பி வரும்.

அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மூன்று நாள் கழித்துப் போனால் அவரவர் ஞாபகம் அதற்குள் வேறு மாதிரி ஆகியிருக்கும். முதலாளி மெயிலே திறக்காதவர் என்றால், அனுப்பிய கையோடு வாட்ஸ்அப்பில் ‘மெயில் போட்டிருக்கிறேன் சார், ஒன்றாவது, மூன்றாவது வரியை மட்டும் பார்த்து சரி என்று மெயிலிலேயே பதில் போடுங்கள்’ என்று தட்டிவிடலாம். வாட்ஸ்அப் உண்மையில் உதவுவது இங்கேதான்.

பதிலே வரவில்லை என்றால் அந்த மௌனத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேதி, பொறுப்பு போன்றவற்றுக்கு அது பெரும்பாலும் போதும். தொகை மாறுகிறது, அல்லது ஒப்பந்தத்தில் இல்லாத வேலை சேர்கிறது என்றால் மெயிலோடு நிறுத்தக் கூடாது. ஒப்பந்தத்திலேயே ‘எந்த மாற்றமும் இரு தரப்புக் கையெழுத்தோடு’ என்று இருந்தால் தனித்தாளில் கையெழுத்து வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.