போலி பேட்டரியைக் காட்டிக்கொடுப்பது எது: லேபிளா, எடையா, டிஸ்சார்ஜ் சோதனையா?

மேசையில் மூன்று பேட்டரிகள். ஒன்று, வாடிக்கையாளரின் போனிலிருந்து கழற்றிய பழைய ஒரிஜினல். மற்ற இரண்டும் அதே மாடலுக்காக வெவ்வேறு சப்ளையர்களிடமிருந்து வந்தவை. மூன்றின் லேபிளிலும் ஒரே விவரம்தான்: 4000 எம்ஏஎச், 15.4 வாட்-அவர், 3.85 வோல்ட், சார்ஜ் வரம்பு 4.4 வோல்ட். அச்சும் பளிச்சென்று இருக்கிறது, கனெக்டரும் சரியாகப் பொருந்துகிறது. புதிய இரண்டில் எதைப் போனுக்குள் வைக்கலாம்?

இதைத் தீர்மானிக்க ரிப்பேர் கடையில் மூன்று வழிகள் உண்டு. லேபிளைப் படிப்பது, தராசில் வைப்பது, முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்கி அளப்பது. மூன்றையும் சரிசமமாக நம்பக் கூடாது. வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு எடையை நம்புவேன், வைக்கலாம் என்று ஏற்பதற்கு டிஸ்சார்ஜ் சோதனையை மட்டும்தான் நம்புவேன். லேபிளை எதற்கும் சாட்சியாக எடுப்பதில்லை. அதிலுள்ள எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கணக்குப் போட மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

லேபிளில் படிக்க வேண்டியது எண்களை

லோகோ, ஹாலோகிராம், கியூஆர் கோடு எதையும் அச்சடித்துவிடலாம். எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பிழையில்லாத லேபிளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரிஜினலை ஸ்கேன் செய்து அப்படியே அச்சடித்தால் பிழை எங்கிருந்து வரும்?

முதல் கணக்கு எளிது. எம்ஏஎச்சை 1000-ஆல் வகுத்து, சாதாரண வோல்டேஜால் பெருக்கினால் வாட்-அவர் வர வேண்டும். 4 × 3.85 = 15.4. பெரிய கொள்ளளவு என்று சொல்லி விற்கும் சில பேட்டரிகளில் எம்ஏஎச்சை மட்டும் 4800 ஆக்கிவிட்டு, 15.4 வாட்-அவரை மாற்றாமல் விட்டிருப்பார்கள். அதற்கு மேல் எந்தச் சோதனையும் தேவையில்லை. சில லேபிள்களில் குறைந்தபட்சக் கொள்ளளவு, சராசரிக் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். அப்போது வாட்-அவர் எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் `1ICP5/61/84` என்பது போல ஒரு குறி இருக்கும். முதல் 1, வரிசையாக இணைத்த செல்களின் எண்ணிக்கை. ஐ என்றால் லித்தியம் அயன், சி என்றால் கோபால்ட், பி என்றால் தட்டை வடிவம். அடுத்த மூன்று எண்கள் செல்லின் தடிமன், அகலம், உயரம். எல்லாம் மில்லிமீட்டரில், அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றி எழுதியவை. ஆக 5 என்றிருந்தால் தடிமன் 4-க்கு மேல், 5-க்குள் இருக்க வேண்டும்.

புதிய பேட்டரி இரண்டையும் பிளாஸ்டிக் காலிப்பரில் வைத்துப் பார்த்தேன். (உலோகக் காலிப்பர் வேண்டாம். முனை கனெக்டரில் பட்டால் ஷார்ட் ஆகும், உறையைக் கிழித்தால் தீப்பிடிக்கும்.) இரண்டாவது பேட்டரி 4.6 மில்லிமீட்டர். முதல் பேட்டரி 3.6. அகலமும் உயரமும் சரியாகவே இருந்தன, அதனால் போனின் குழிக்குள் அது ஒழுங்காகத்தான் உட்காரும். ஆனால் அந்தத் தடிமனுக்குக் குறியில் 4 என்று இருந்திருக்க வேண்டும். லேபிள் வேறு ஒரு செல்லைப் பற்றிப் பேசுகிறது. இங்கேயே சந்தேகம் உறுதியாகிவிட்டது, ஆனாலும் தராசு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

தராசுக்கு முன் ஒளிய முடியாதது

சக்தியைச் சேமிப்பது செல்லுக்குள் இருக்கும் பொருள். செம்புத் தகடு, அலுமினியத் தகடு, அவற்றின் மேல் பூசிய கிராஃபைட்டும் கோபால்ட் ஆக்சைடும், எலக்ட்ரோலைட் திரவம். கொள்ளளவு வேண்டுமென்றால் இவை வேண்டும், இவை இருந்தால் எடையும் இருக்கும். போன்களில் வரும் வழக்கமான செல்லுக்கு ஒரு வாட்-அவருக்கு ஏறக்குறைய 4 கிராம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அரை கிராம் முன்னே பின்னே இருக்கலாம். சிலிக்கான் கலந்த புதிய வகைச் செல்கள் இதைவிட லேசானவை, அந்தப் போன்களுக்கு இந்த அளவுகோலை அப்படியே வைக்கக் கூடாது.

நம்பகமான அளவுகோல் கையிலேயே இருக்கிறது: கழற்றிய அந்தப் பழைய ஒரிஜினல். பேட்டரி எவ்வளவு தேய்ந்தாலும் எடை குறையாது, உள்ளே இருப்பது வெளியே போவதில்லை. கிழியாமல் உப்பியிருந்தாலும் அதேதான், வாயு உறைக்குள்ளேயே இருக்கிறது. ஒட்டுப்பசைப் பட்டையை மட்டும் சுத்தமாக உரித்துவிட்டு நிறுக்க வேண்டும். அந்தப் பசையே ஒரு கிராம் வரை வரும்.

0.1 கிராம் காட்டும் தராசில் ஒரிஜினல் 57.8. முதல் பேட்டரி 44.1. இரண்டாவது 57.5.

44.1 கிராமை 15.4 வாட்-அவரால் வகுத்தால் ஒரு வாட்-அவருக்கு 2.9 கிராம் கூட வரவில்லை. ஒரிஜினலில் 3.75. பழைய மாடல் போனுக்குச் செய்த மாற்று பேட்டரியில் இவ்வளவு லேசான செல் இருக்க வாய்ப்பில்லை. ஒரிஜினலின் விகிதத்தையே வைத்துக் கணக்குப் போட்டேன்: 44.1 ÷ 3.75 = 11.8 வாட்-அவர், அதாவது 3050 எம்ஏஎச் சுமார். அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்தேன், நாளை சோதனையோடு ஒப்பிட.

இந்த வேலைக்கு அரை நிமிடம் போதும், மின்சாரம் வேண்டாம், பேட்டரிக்குச் சேதமில்லை. பெட்டியாக வரும் சரக்கில் ஒவ்வொன்றையும் நிறுக்கலாம். அதனால்தான் ஒதுக்குவதற்குத் தராசை முதலில் வைக்கிறேன். ஆனால் எடை சரியாக இருப்பது பேட்டரி சரி என்பதற்கு அத்தாட்சி இல்லை. கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வரும் பழைய மாடல் பேட்டரிகளில் எடைக்காக வேறு எதையாவது நிரப்பலாம். அதைவிட முக்கியம், தேய்ந்த செல்லின் எடையும் புதிய செல்லின் எடையும் ஒன்றே. இரண்டாவது பேட்டரியை எடை காப்பாற்றியது, அடுத்த நாள் அது மாட்டிக்கொண்டது.

டிஸ்சார்ஜ் சோதனை: நேரமெடுக்கும், ஆனால் இதுதான் தீர்ப்பு

அளக்கும் முறை இது. லேபிளில் உள்ள வரம்பு வரை, இங்கே 4.4 வோல்ட் வரை, முழுதாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்து, கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக் கரண்டில், அதாவது 800 மில்லி ஆம்பியரில், 3.0 வோல்ட் வரும்வரை இறக்க வேண்டும். சாதாரண அறை வெப்பம் போதும், குளிரில் அளந்தால் எண் குறையும். 800-ஐ மணிக்கணக்கால் பெருக்கினால் உண்மையான எம்ஏஎச்.

இங்கே எல்லோரும் தவறுவது சார்ஜ் வரம்பில். கடைகளில் இருக்கும் பொதுவான லித்தியம் சார்ஜர் 4.2 வோல்ட்டில் நின்றுவிடும். 4.4 வோல்ட் செல்லை அங்கேயே நிறுத்தி அளந்தால் கொள்ளளவில் பத்து முதல் பதினைந்து சதவீதம் காணாமல் போகும். நான் ஒருமுறை இப்படித்தான் நல்ல பேட்டரியைப் போலி என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தச் சப்ளையரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகு, சார்ஜ் வரம்பைத் தாளில் எழுதாமல் எந்தச் சோதனையையும் தொடங்குவதில்லை.

போனுக்குள் பேட்டரியை வைத்து, திரையில் காட்டும் 'ஹெல்த் 100%' என்பதைப் பார்த்து முடிவு செய்வது இன்னொரு தவறு. அந்த எண்ணைச் சொல்வது பேட்டரி போர்டில் உள்ள கணக்கிடும் சிப். அதை மாற்றி எழுதலாம், வேறொரு பேட்டரியிலிருந்து கழற்றியும் ஒட்டலாம். சார்ஜர் ஒயரில் மாட்டும் யூஎஸ்பி மீட்டரின் எம்ஏஎச்சும் உதவாது, அது 5 வோல்ட்டிலோ அதற்கு மேலோ உள்ளே போவதை அளக்கிறது, வீணாகும் சூட்டையும் சேர்த்து.

முடிவுகள். முதல் பேட்டரி 3 மணி 40 நிமிடத்தில் 3.0 வோல்ட்டுக்கு வந்தது: 2930 எம்ஏஎச் சுமார். தராசை வைத்துத் தாளில் எழுதிய 3050-க்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். சிறிய செல்லின் மேல் பெரிய செல்லின் லேபிள், அவ்வளவுதான்.

எடையில் தேறிய இரண்டாவது பேட்டரி 3 மணி 56 நிமிடம் ஓடியது. 3150 எம்ஏஎச், சொன்னதில் எண்பது சதவீதம்கூட இல்லை. லோடு போட்ட முதல் நொடியிலேயே அதன் வோல்டேஜ் 0.12 வோல்ட் இறங்கியது. அதே மாடலின் நல்ல புதிய பேட்டரியில் 0.05 தான் இறங்கும். உள் எதிர்ப்பு கூடியிருக்கிறது என்று பொருள். சரியான தடிமன், சரியான எடை, குறைந்த கொள்ளளவு, கூடிய எதிர்ப்பு: நான்கையும் சேர்த்துப் பார்த்தால், இது ஏற்கெனவே உழைத்த செல். பழைய பேட்டரியை உரித்துப் புது லேபிள் சுற்றியிருக்க வேண்டும், அல்லது பல வருடம் கிடங்கில் கிடந்திருக்க வேண்டும். இரண்டில் எது என்று இந்த எண்களை வைத்துப் பிரிக்க முடியாது. வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் இந்தச் சோதனையையும் ஏமாற்றும் ஒரு ரகம் உண்டு, எனக்கு அதிகம் பயம் அதில்தான். 4.2 வோல்ட்டுக்கென்று செய்த செல்லின் மேல் 4.4 என்று லேபிள் ஒட்டியிருப்பார்கள். போன் தனக்குத் தெரிந்த 4.4 வரை ஏற்றும். நாமும் சோதனையில் 4.4 வரை ஏற்றுவோம். அளவுக்கு மீறி ஏற்றிய செல் முதல் தடவை கூடுதலாகவே கொடுக்கும், எண் பிரமாதமாக வரும். எடையிலும் சந்தேகம் வராது. அந்தக் கூடுதல், செல்லைத் தின்று வந்தது. நாலைந்து சுற்றுக்குள் கொள்ளளவு சரியும், உறை உப்பும், மோசமான நேரத்தில் தீயும் பிடிக்கலாம்.

அதனால் புதிய சப்ளையரின் சரக்கில் இரண்டு பேட்டரியை மட்டும் எடுத்து, எரியாத தட்டில் வைத்து, யாராவது அருகில் இருக்கும் நேரத்தில் ஐந்து சுற்று ஏற்றி இறக்குகிறேன். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் முழுச் சார்ஜில் நடுப்பகுதியின் தடிமனை அதே பிளாஸ்டிக் காலிப்பரில், அழுத்தாமல் அளக்கிறேன். நல்ல செல் ஐந்தாவது சுற்றிலும் முதல் சுற்றின் கொள்ளளவைக் கிட்டத்தட்ட அப்படியே தரும், தடிமனும் அசையாது. 4.6 ஆக இருந்தது 4.9 ஆனால், எம்ஏஎச் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அந்தப் பெட்டி முழுவதும் திரும்பிப் போகிறது.