மூன்று நிமிட முழுவேக ஓட்டமா, டிராக்கில் இரண்டு ஓட்டங்களா?

த்ரெஷோல்டுக்கு மேலான வேகத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று கணிக்க இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று கிரிட்டிக்கல் ஸ்பீடு, அதாவது நீண்ட நேரம் தாங்கக்கூடிய அந்த எல்லை வேகம்; கீழே CS. இன்னொன்று அதற்கு மேல் ஓடும்போது கரையும் கையிருப்பு, அதை மீட்டரில் சொல்வார்கள்; கீழே D'. v ஓடும் வேகம், t தாக்குப்பிடிக்கும் நேரம்.

```
t = D' / (v − CS)
```

இந்த எண்களைக் கண்டுபிடிக்க நான் இரண்டு வழியும் முயன்றேன். மூன்று நிமிடம் முழுவேகத்தில் ஓடுவது ஒரே நாளில் முடிந்துவிடும், அதுதான் அதன் கவர்ச்சி. கடைசி 30 வினாடியின் சராசரி வேகமே கிரிட்டிக்கல் ஸ்பீடு, அதற்கு மேல் கடந்த தூரம் கையிருப்பு. ஆனால் தொடக்கத்தில் கொஞ்சம் அடக்கி ஓடினாலும் கடைசியில் தெம்பு மிஞ்சி, வேகம் கூடுதலாகப் பதிவாகிவிடும். மூன்று நிமிடம் என்று தெரிந்தபின் யார்தான் அடக்காமல் ஓடுவார்கள்?

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. 400 மீட்டர் டிராக்கில் ஒரு நாள் மூன்று சுற்று, இன்னொரு நாள் ஒன்பது சுற்று, இரண்டிலும் முழு முயற்சி. எளிதாக இருக்க முழு எண்களில் சொல்கிறேன்: 1200 மீட்டருக்கு 250 வினாடி, 3600 மீட்டருக்கு 850. கூடுதல் 2400 மீட்டரைக் கூடுதல் 600 வினாடியால் வகுத்தால் நொடிக்கு 4 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 4:10. அந்த வேகத்தில் 250 வினாடியில் 1000 மீட்டர்தான் போயிருக்க முடியும், மீதி 200 கையிருப்பு. நொடிக்கு 4.4 மீட்டரில் ஓடினால் 200-ஐ 0.4-ஆல் வகுத்து 500 வினாடி, எட்டு நிமிடம் இருபது வினாடி.

என்னை முடிவெடுக்க வைத்தது பிழை எவ்வளவு பெருகுகிறது என்பதுதான். இதே ஆள் மூன்று நிமிட ஓட்டத்தில் 920 மீட்டர் ஓடுவார். கடைசி 30 வினாடியில் ஜிபிஎஸ் வாட்ச் வெறும் 3 மீட்டர் கூட்டிக் காட்டினால் கிரிட்டிக்கல் ஸ்பீடு 4.1 ஆகிவிடும், கையிருப்பு 185-க்கு இறங்கும். நொடிக்கு 4.8 மீட்டர் வேகத்துக்கு 250-க்குப் பதில் சுமார் 264 வினாடி என்று வரும், பரவாயில்லை. 4.2-க்கோ பதினாறு நிமிடம் நாற்பது வினாடி என்பது முப்பது நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது! வேகம் கிரிட்டிக்கல் ஸ்பீடை நெருங்க நெருங்க வகுக்கும் எண் சிறுத்துவிடுவதால் வரும் வினை இது.

டிராக் வழியிலும் பிழை வரும்தான். ஒன்பது சுற்றில் 5 வினாடி சொதப்பினால் அதே 4.2-க்கான விடை ஏறக்குறைய பதினைந்து நிமிடமாகக் குறையும். ஆனால் தூரத்தில் சந்தேகமே இல்லை, கோடு தரையிலேயே இருக்கிறது.

ஒன்று மட்டும், நான் ஓடிப் பார்த்தது நான்கு முதல் பதினான்கு நிமிடம் வரைதான். அதற்கு வெளியே இந்தச் சூத்திரத்தை நான் நம்ப மாட்டேன், குறிப்பாக ஒரு நிமிடத்துக்குள் முடியும் வேகங்களுக்கு. இன்டர்வல்களுக்கு நடுவே கையிருப்பு எவ்வளவு திரும்ப நிரம்பும் என்பதையும் இது சொல்லாது, அதை இன்னும் உடம்பைப் பார்த்துத்தான் ஊகிக்கிறேன்.