ஒரு காபிக்கு எத்தனை மணி நேரம்? கஃபே மேசையில் இரண்டு ஆண்டுகள்

வீட்டிலிருந்தே பணிபுரியும் வேலைக்கு அண்மையில் மாறிய நண்பர் ஒருவர், "ஒரு காபி வாங்கிக்கொண்டு கஃபேயில் எவ்வளவு நேரம் உட்காரலாம்?" என்று போன வாரம் கேட்டார். கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் உள்ள ஒரு கஃபேயில் வாரத்துக்கு மூன்று நாள் வீதம் இரண்டு ஆண்டுகளாக லேப்டாப்புடன் உட்கார்ந்து வருபவன் என்பதால் என்னிடம் கேட்டார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பண்டம் வாங்கினால் போதும் என்று உடனே சொல்லிவிட்டேன். வீடு திரும்பிப் பழைய பில்களைப் பார்த்தபோது, அந்தப் பதில் பாதிதான் சரி என்று பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை பில்லையே எடுத்துக்கொள்கிறேன். காலை 10 மணிக்கு ஒரு கப்புச்சினோ 190 ரூபாய், பதினொன்றரைக்கு ஒரு சாண்ட்விச் 240 ரூபாய், ஒரு மணிக்கு எலுமிச்சை சோடா 110 ரூபாய், இவற்றுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 27 ரூபாய் என மொத்தம் 567 ரூபாய் கொடுத்துவிட்டு 2 மணிக்கு எழுந்தேன். பத்து மணிமுதல் பன்னிரண்டு மணிவரை பாதி மேசைகள் காலியாகக் கிடந்ததால், அந்த நேரத்தில் நான் வாங்கியதெல்லாம் கடைக்குக் கூடுதல் வரவுதான். ஆனால் பன்னிரண்டரைக்குமேல் அதே நால்வர் மேசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால், முக்கால் மணி நேரத்தில் 1,500 ரூபாய்க்குப் பில் வந்திருக்கும். ஆகவே எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்பதைவிட, எந்த நேரத்தில், எத்தனை பேர் உட்காரும் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதை வைத்தே கணக்குப் போட வேண்டும். மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை இருப்பதானால் முழுச் சாப்பாடு வாங்க வேண்டும். வாங்கியபின்னும் வெளியே ஆட்கள் நின்றால் எழுந்துவிட வேண்டும்.

கூட்டம் வந்தால் அவர்களே சொல்வார்கள் என்று முதல் ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பரிமாறும் தம்பியிடம் ஒருநாள், "மேசை வேண்டுமென்றால் சொல்லிவிடுங்கள், நான் எழுந்துகொள்கிறேன்" என்றேன். அவர் தயங்கி, "நாங்க எப்படி சார் சொல்றது? மேனேஜர் திட்டுவாரு" என்றார். அதன்பிறகு அவர் மேசையைத் துடைக்கும் விதத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். காலிக் கோப்பையை எடுத்தபின், "வேற ஏதாவது சார்?" என்று பத்து நிமிடத்தில் இரண்டாவது முறை கேட்டாலோ, கேட்காமலே பில்லைக் கொண்டுவந்து வைத்தாலோ, வாசலில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இந்தக் கடையின்மேல் எனக்குள்ள தீராத மனத்தாங்கல் மின்சாரம் பற்றியது. மொத்தமே மூன்று பிளக் பாயிண்டுகள்தான் இருக்கின்றன. மூன்றும் நால்வர் மேசைகளை ஒட்டியவை. தனியாக வருபவர் சார்ஜ் போட வேண்டுமென்றால் நான்கு நாற்காலிகளை அடைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. போன மாதம் அவற்றில் ஒன்றை டேப் வைத்து ஒட்டிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. 65 வாட் சார்ஜரை நான்கு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினாலும் கால் யூனிட்டுக்குச் சற்றுமேல்தான் ஆகும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலும் மூன்று ரூபாயைத் தாண்டாது. ஆனால் அவர்கள் மிச்சப்படுத்த நினைத்தது மின்சாரத்தை அல்ல, அந்த நால்வர் மேசையை என்பது நியாயமாக யோசித்தால் புரிகிறது. அதையே இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இருவர் மேசை அருகே பிளக் வைத்துச் சாதித்திருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை. இப்போது வீட்டிலேயே முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, லேப்டாப்புக்கும் ஈடுகொடுக்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். அது என் லேப்டாப்பை ஏறத்தாழ ஒருமுறை நிரப்பிவிடுகிறது.

அழைப்பு வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசுவது, ஹெட்போன் இல்லாமல் எதையும் ஒலிக்கவிடாமல் இருப்பது ஆகியவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். இங்கே பிற்பகல் மூன்று மணிக்கு ஷிப்ட் மாறுகிறது. மாலைவரை இருந்துவிட்டு ஒரேயடியாகப் பில் கட்டி டிப்ஸ் வைத்தால், காலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தவருக்கு அதில் ஒன்றும் சேர்வதில்லை. ஆகவே மூன்று மணிக்கு முன் ஒரு பில்லை முடித்து, அவர் கையில் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு, வேண்டுமானால் புதிய பில் தொடங்குகிறேன்.

காபி நன்றாக இருக்கிறது, ஆட்கள் அன்பானவர்கள், காலை பத்து மணிக்கு அந்த ஜன்னலோரம் இருக்கும் அமைதி என் வீட்டில் கிடையாது. இவ்வளவும் உண்மை. இருந்தாலும் நண்பரை அங்கே போக வேண்டாம் என்றுதான் கடைசியில் சொன்னேன். அவருக்கு வாரத்தில் ஐந்து நாளும், பகல் முழுவதும், பிளக்கோடு கூடிய இருக்கை வேண்டும். நாள் ஒன்றுக்கு 567 ரூபாய் என்றால் மாதம் இருபத்திரண்டு வேலை நாளுக்குப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். அப்போதும் மதிய நேரத்தில் அவர் எழுந்துதான் ஆக வேண்டும். அந்தப் பணத்துக்கு மாத வாடகையில் ஒரு பகிர்வு அலுவலக இருக்கையைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.