எந்தப் பள்ளம், எந்த உச்சம்? ஃபிபோனச்சி கோட்டுக்கு ஸ்விங் பிடிக்கும் நான்கு வழிகள், மஞ்சள் விலையை வைத்து

ஒரே மஞ்சள் சார்ட்டை ஈரோட்டில் இரண்டு பேரிடம் கொடுத்தால் ஃபிபோனச்சி கோடுகள் இரண்டு விதமாக வரும். ஏறிய விலையில் எத்தனை சதவீதம் திரும்ப இறங்குகிறது என்று காட்டும் 38.2, 50, 61.8 என்ற விகிதங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். கோடு எந்தப் பள்ளத்தில் தொடங்கி எந்த உச்சத்தில் முடிகிறது, அதாவது எந்த ஓட்டத்தை ஸ்விங் என்று எடுக்கிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதைக் கண்ணுக்கு விடாமல் ஒரு விதிக்கு விட்டால் எது சரிப்படும் என்பதே இங்கே கேள்வி.

முதலில் தரவு. ஈரோட்டு ஏலத்தில் விரலி, கிழங்கு இரண்டுக்கும் தினமும் குறைந்தபட்ச, அதிகபட்ச விலை வெளியாகும். அதை அன்றைய லோ, ஹை என்று சார்ட்டில் ஏற்றக் கூடாது. அந்த இடைவெளி பெரும்பாலும் சரக்கின் தரத்தால் வருவது. மட்டச் சரக்கு ஒரு விலைக்கும் நயம் சரக்கு இன்னொரு விலைக்கும் போயிருக்கும். விலை அன்று ஏறி இறங்கியதாக அதற்குப் பொருள் இல்லை. ஸ்விங் பார்க்க என்.சி.டி.இ.எக்ஸ். என்ற வேளாண் பொருள் சந்தையின் மஞ்சள் ஃபியூச்சர்ஸின் தினசரி விலையை எடுக்க வேண்டும். அது நிஜாமாபாத் சரக்கை அடிப்படையாகக் கொண்டது, ஈரோட்டு விலையோடு வித்தியாசம் இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கணக்குக்காக ஒரு ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். குவிண்டால் 13,000 ரூபாயில் பள்ளம். அங்கிருந்து 13,900 வரை ஏற்றம், நடுவில் 13,500-க்கு ஒரு இறக்கம், பிறகு 14,600-இல் உச்சம். உச்சத்தன்று 14 நாள் ஏ.டி.ஆர்., அதாவது ஒரு நாளைய சராசரி அசைவு, 220 ரூபாய்.

முதல் வழி, கடைசி 20 நாளின் அதிக விலையையும் குறைந்த விலையையும் எடுப்பது. எழுத ஒரே வரி போதும், ஆனால் பரிந்துரைக்க முடியாது. 21-ஆம் நாள் 13,000 பள்ளம் சன்னலை விட்டு வெளியேறும். விலையில் எதுவும் நடக்காமலே எல்லாக் கோடுகளும் இடம் மாறிவிடும்.

இரண்டாவது, இருபுறமும் k நாள் பார்க்கும் பிவோட். ஒரு நாளின் ஹை, முந்தைய k நாளின் ஹையைவிட அதிகமாகவும் அடுத்த k நாளின் ஹைக்குக் குறையாமலும் இருந்தால் அது உச்சம்.

```
def is_high(h, i, k):
    if i < k or i + k >= len(h):
        return False
    return h[i] > max(h[i-k:i]) and h[i] >= max(h[i+1:i+k+1])
```

இடப்புறம் `>`, வலப்புறம் `>=` என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு நாள் ஒரே ஹை வந்தால், இருபுறமும் `>` வைத்த நிரல் இரண்டையும் தள்ளிவிடும். `if` வரியை விட்டுவிட்டால் அதைவிட மோசம்: வலப்புறம் ஒரு நாள் மட்டுமே இருக்கும்போதே உச்சம் என்று சொல்லி, மறுநாள் அழித்துவிடக்கூடும்.

k = 2 என்றால் நம் ஓட்டத்தில் 13,500-ம் ஒரு பள்ளமாகப் பதிவாகும். கடைசி ஸ்விங் 13,500-இலிருந்து 14,600 வரை, அதாவது 1,100 ரூபாய். 38.2 சதவீதக் கோடு 14,180-இலும் 61.8 சதவீதக் கோடு 13,920-இலும் விழும். k-ஐ 5 ஆக்கினால் இப்படிப்பட்ட சின்ன இறக்கங்கள் பெரும்பாலும் விலகிவிடும், ஆனால் ஒவ்வொரு உச்சத்துக்கும் ஐந்து நாள் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சதவீத ஜிக்ஜாக். உச்சத்திலிருந்து 5 சதவீதம் இறங்கினால்தான் திருப்பம். 13,900-இலிருந்து 13,500 என்பது 2.9 சதவீதம்தான், ஆகவே அது கணக்கில் வராது. ஸ்விங் 13,000-இலிருந்து 14,600 வரை முழுதாக நிற்கும். 38.2 சதவீதம் 13,989, 50 சதவீதம் 13,800, 61.8 சதவீதம் 13,611. குறை எங்கே என்றால், அந்த 5 சதவீதம் காலத்துக்கேற்ப மாறாது. புது மஞ்சள் வரத்தில் ஏ.டி.ஆர். 400-ஐத் தொடும்போது ஒரே வாரத்தில் பல திருப்பங்களைக் காட்டும். சந்தை தூங்கும்போது ஒன்றையுமே காட்டாது.

நான்காவது, அதே ஜிக்ஜாக்கை ஏ.டி.ஆரின் மூன்று மடங்கில் வைப்பது. இங்கே 660 ரூபாய். சந்தையின் வேகத்தோடு வரம்பும் நகரும் என்பதால் மஞ்சள் போன்ற பொருளுக்கு இதுவே பொருந்துகிறது. உச்சத்தன்று இருந்த ஏ.டி.ஆரை அங்கேயே பூட்டிவிட வேண்டும். தினமும் புதிய ஏ.டி.ஆரைப் போட்டால் வரம்பு காலடியில் நகர்ந்துகொண்டே இருக்கும். உச்சம், பள்ளத்துக்கு ஹை, லோ. திருப்பத்தை உறுதி செய்ய முடிவு விலை. ஹை முதலில் வந்ததா லோ முதலில் வந்ததா என்று தினசரித் தரவில் தெரியாது என்பதால் இந்தப் பிரிவினை.

இனி, பலரும் தவறவிடும் கணக்கு. ஏ.டி.ஆர். ஜிக்ஜாக்கில் 14,600 உச்சம் என்று உறுதியாவது முடிவு விலை 13,940-க்கு வந்த பிறகுதான். 38.2 சதவீதக் கோடோ 13,989-இல் இருக்கிறது. உச்சம் உறுதியாகும்போது அந்தக் கோடு ஏற்கெனவே கடந்து போயிருக்கும்! வரம்பை ஸ்விங் நீளத்தால் வகுத்தால் இது தெரிந்துவிடும்: 660-ஐ 1,600-ஆல் வகுத்தால் 41 சதவீதம். அதற்குக் குறைவான எந்தக் கோடும் நிகழ்நேரத்தில் பயன்படாது. 5 சதவீத ஜிக்ஜாக்கில் இது 45.6 சதவீதம். பழைய சார்ட்டில் 38.2-இல் விலை அழகாகத் திரும்பியதாகத் தெரிவதில் பெரும்பகுதி இப்படிப் பின்னால் வரைந்த கோடுதான்.

k = 2 பிவோட்டில் உச்சத்துக்கு இரண்டாம் நாள் முடிவு விலை 14,250 என்றால், முழு ஸ்விங்கில் 21.9 சதவீதம்தான் இறங்கியிருக்கும். எல்லாக் கோடுகளும் இன்னும் முன்னால் இருக்கும்.

ஆகவே இரண்டையும் கலப்பதே நல்லது. தொடக்கப் புள்ளிக்கு ஏ.டி.ஆர். ஜிக்ஜாக்: 13,000 பள்ளம் எப்போதோ உறுதியாகிவிட்டது, அங்கே தாமதம் பாதிக்காது. முடிவுப் புள்ளிக்கு, அந்தப் பள்ளத்துக்குப் பின் வந்த மிக உயர்ந்த ஹை, k = 2 பிவோட்டாக உறுதியானதும். 14,600-ஐ விலை தாண்டினால் கோடுகளை அழித்து மறுபடி வரைய வேண்டும். 13,000-க்குக் கீழே முடிந்தால் அந்த ஸ்விங்கே செல்லாது.

இந்தக் கலப்பிலும் ஸ்விங் போதுமான அளவு பெரிதா என்று பார்க்க வேண்டும். 38.2-க்கும் 50-க்கும் இடையே நீளத்தில் 11.8 சதவீதம், அதாவது நம் கணக்கில் 189 ரூபாய். ஒரு நாள் அசைவே 220. ஒரே நாளில் இரண்டு கோட்டையும் விலை தொட்டுவிடும் என்றால் எதில் நின்றது என்று சொல்ல இடமில்லை. ஸ்விங் ஏ.டி.ஆரைப் போல் எட்டரை மடங்காவது இருந்தால்தான் இந்த இரண்டையும் தனித்தனிக் கோடாக நடத்தலாம். 1,600 என்பது 7.3 மடங்குதான், எனவே இங்கே 13,800-லிருந்து 13,989 வரை ஒரே பட்டையாக வைத்துக்கொள்வதே நேர்மை.

ஃபியூச்சர்ஸில் ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்ததுக்கு மாறும் இடத்தில் இன்னொரு பொறி. அடுத்த கான்ட்ராக்ட் 500 ரூபாய் கூடுதலாக இருந்தால், ஒட்டவைத்த சார்ட்டில் அது ஏற்றமாகவே தெரியும். பழைய விலைகள் எல்லாவற்றோடும் அந்த 500-ஐக் கூட்டிவிட்டால் ஸ்விங் நீளமும் ஏ.டி.ஆரும் கெடாது. சதவீத ஜிக்ஜாக் மட்டும் கெடும், ஏனென்றால் அடிப்படை விலையே மாறிவிடுகிறது.

விதி உண்மையிலேயே கண்ணை நம்பாததா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். தரவை ஒவ்வொரு நாளிலும் வெட்டி நிரலை ஓட்டுங்கள். அன்று உறுதி என்று சொன்ன புள்ளி முழுத் தரவில் காணாமல் போனால் எதிர்காலம் உள்ளே கசிகிறது. அடுத்து, அதே ஸ்விங்குகளில் 30, 45, 55, 70 சதவீதத்தில் கோடு போட்டு, அங்கே விலை எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணுங்கள். ஃபிபோனச்சி கோடுகள் இவற்றைவிட அதிகம் தாங்கவில்லை என்றால், உங்கள் சந்தையில் வேலை செய்வது ஸ்விங் தேர்வு மட்டுமே.