ஆறு வார ஆர்டரும் இரண்டு நினைவகங்களும்

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம், ஐரோப்பிய வாடிக்கையாளரின் ஆர்டர் ஒன்றை ஆறு வாரம் பின்தொடர ஓர் ஏஐ ஏஜென்ட்டை அமர்த்துவதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை, பரிசோதனைக்கூடம் என மூன்று இடங்களிலிருந்தும் வரும் மின்னஞ்சல்களைப் படித்து, அடுத்த கடிதத்தின் வரைவை எழுதித் தருவது அதன் வேலை. அதற்கு நினைவை இரண்டு வழிகளில் தரலாம். நடந்த உரையாடல் முழுவதையும், ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரைப்பரப்பான கான்டெக்ஸ்ட் விண்டோவிலேயே வைத்திருப்பது ஒரு வழி. இதைப் பணி நினைவகம் என்போம். எல்லாவற்றையும் வெளியே ஒரு தரவுத்தளத்தில் சேமித்து, தேவைப்படும்போது தேடி எடுப்பது மற்றொரு வழி, அது காப்பகம்.

இந்த ஆர்டரில் ஆண்களுக்கான பூட், பெண்களுக்கான ஷூ என இரண்டு வகைகள் உள்ளன. முதல் வாரத்தில் வந்த விவரத்தாளில் இரண்டுக்கும் தோலின் தடிமன் 1.2 முதல் 1.4 மி.மீ. என்று இருந்தது. மூன்றாம் வாரம், பூட்டின் மாதிரியைப் பார்த்த வாடிக்கையாளர், “கொஞ்சம் தளர்வாக இருக்கிறது, 0.2 கூட்டிக்கொள்ளுங்கள்” என்று மட்டும் பதில் எழுதினார். ஐந்தாம் வாரத்தில் பூட்டுக்குக் கூடுதல் தோல் கேட்டு ராணிப்பேட்டைக்கு ஏஜென்ட் எழுத வேண்டும். சரியான விடை 1.4 முதல் 1.6 மி.மீ.

பணி நினைவகத்தின் பலம், அந்த ஒற்றை வரிப் பதில் எதைப் பற்றியது என்பதை மாடல் புரிந்துகொள்ள முடிவதுதான். முந்தைய கடிதங்கள் அருகிலேயே இருப்பதால் ‘0.2’ என்பது தோலின் தடிமனைக் குறிக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆனால் ஏஜென்ட் எடுத்துவைக்கும் ஒவ்வொரு புதிய அடிக்கும், உரையின் துண்டுகளான அத்தனை டோக்கன்களையும் மாடல் மீண்டும் கையாள வேண்டியிருப்பதால் செலவு வாரந்தோறும் ஏறுகிறது. ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பொதுவாக அதிக டோக்கன் ஆவதால், நம் ஊர்க் கடிதங்கள் இடத்தை இன்னும் விரைவாக நிரப்பும். விண்டோ நிரம்பியதும் பழைய பகுதியைச் சுருக்க வேண்டிவருகிறது. அந்தச் சுருக்கத்தில் “பூட்டின் தோல் குறித்த திருத்தம் ஏற்கப்பட்டது” என்ற வாக்கியம் தங்கிவிடுகிறது, எண் போய்விடுகிறது. நிரம்புவதற்கு முன்பே கூட, நீண்ட உரையின் நடுவில் இருக்கும் செய்தியை மாடல்கள் தவறவிடுவது 2023இல் வெளிவந்த ஆய்வுகளிலேயே காட்டப்பட்டுள்ளது.

காப்பகம் எதையும் சுருக்குவதில்லை. ஆறாம் வாரத்திலும் முதல் கடிதம் எழுத்து மாறாமல் இருக்கும். அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. “பூட்டுத் தோலின் தடிமன்” என்று தேடினால், பொருள் நெருக்கத்தை வைத்து வரிசைப்படுத்தும் தேடல், தடிமன் என்ற சொல்லும் எண்ணும் தெளிவாக உள்ள பழைய விவரத்தாளைத்தான் முதலில் நிறுத்தும். தோல் என்றோ தடிமன் என்றோ ஒரு சொல்லும் இல்லாத அந்தத் திருத்தக் கடிதம் கீழே எங்கோ கிடக்கும். தேடலுக்கு ஒற்றுமை தெரியும்; ஒன்று மற்றொன்றை ரத்து செய்துவிட்டது என்பது தெரியாது. பிந்தைய தேதிக்கு முன்னுரிமை கொடுத்தால் தீரும் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படிச் செய்தால், தோலைத் தொட்டுப் பேசும் ஏதோ ஒரு நேற்றைய கடிதம் மேலே வரக்கூடுமே தவிர, திருத்தம் வரும் என்பதற்கு உறுதியில்லை.

இரண்டு வழியிலும் ஏஜென்ட் 1.2–1.4 என்றே எழுதக்கூடும், ஆனால் காரணங்கள் வேறு. எது என்று கண்டறிய, அந்த அடியில் மாடலுக்கு உண்மையில் அனுப்பப்பட்ட முழு உரையைத் திறந்து பார்க்க வேண்டும். திருத்தம் அதில் இல்லையென்றால், சுருக்கமோ தேடலோ தவறியிருக்கிறது. இருந்தும் பிழை வந்திருந்தால், தேவைக்கு மேல் திணித்ததில் அது கவனிக்கப்படவில்லை. இரண்டாம் வகைப் பிழைக்குப் பெரிய விண்டோ வாங்குவதும், இன்னும் அதிகக் கடிதங்களைத் தேடி எடுத்துத் தருவதும் நிலைமையை மோசமாக்கக் கூடியவை.

என் தேர்வு காப்பகத்தின் பக்கமே, ஆனால் ஒரு நிபந்தனையோடு: கடிதம் வந்த அன்றே, சூழல் பணி நினைவகத்தில் இருக்கும்போதே, மாறும் மதிப்பைத் தனிப் பதிவாக எழுதிவிட வேண்டும்.

```
{"key": "boot.leather_mm", "value": "1.4-1.6",
 "replaces": "1.2-1.4", "week": 3, "source": "mail-214"}
```

நடப்பில் உள்ள இத்தகைய பதிவுகள் சில டஜன்களுக்கு மேல் போகாது. ஆகவே அவற்றைத் தேடாமல் ஒவ்வொரு அடியிலும் விண்டோவின் தொடக்கத்தில் வைத்துவிடலாம். தோல் பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற ஐரோப்பிய வரம்பு போல, ஆர்டர் நடுவே மாறாதவை காப்பகத்திலேயே கிடக்கலாம். அவற்றில் பழையது புதியது என்ற குழப்பமே எழாது.

இம்முறையில் ஆபத்து பதிவின் பெயரில் இருக்கிறது. `boot.leather_mm` என்பதற்குப் பதிலாக `leather_mm` என்று எழுதிவிட்டால், திருத்தம் பெண்களுக்கான ஷூவுக்கும் பொருந்திவிடும். வாடிக்கையாளர் அதைக் கேட்கவே இல்லை. அதனால்தான் `source` இல்லாத பதிவை ஏற்கக்கூடாது என்பதும், ஏற்கெனவே உள்ள மதிப்பை மாற்றும் பதிவை மட்டுமாவது ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர் மூலக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ராணிப்பேட்டைக்குக் கடிதம் போக வேண்டும் என்பதும் தேவையாகின்றன.